ப்ராக்ஸி போடலாமா? செயல்வழிப் பயன்வாதமும் விதிவழிப் பயன்வாதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாண்டு தத்துவ வகுப்பில் இந்தப் பாடம் முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்கிற கேள்விகள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு உதாரணத்தைத்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டு போகிறேன். ஐந்து உதாரணம் சொன்னால் ஐந்தும் மறந்துபோகும்.

"சார், ரெண்டு பேருமே நல்ல விளைவுதான் முக்கியம்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?"

தராசு ஒன்றுதான். அதில் எதை வைத்து நிறுக்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

பயன்வாதம் என்ற பொதுக் கட்சியில் இருவருமே உறுப்பினர்கள். சம்பந்தப்பட்ட எல்லோருடைய நலனையும் கூட்டிப் பார், யாருடைய நலனுக்கும் கூடுதல் எடை போடாதே, எதனால் மொத்த நலன் அதிகமோ அதுவே சரி. இதுவரை இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இதற்குப் பிறகு செயல்வழிப் பயன்வாதி, அதாவது ஆக்ட் யூடிலிடேரியன், நான் இப்போது செய்யப்போகும் இந்த ஒரு செயலைத் தூக்கித் தராசில் வைக்கிறார். விதிவழிப் பயன்வாதி, அதாவது ரூல் யூடிலிடேரியன், செயலைத் தராசில் வைப்பதே இல்லை. அவர் விதிகளை நிறுக்கிறார். எந்த விதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டு வாழ்ந்தால் மொத்த நலன் அதிகம் என்று பார்த்து, அந்த விதிக்கு உட்பட்ட செயல் சரி, மீறிய செயல் தவறு என்கிறார்.

ஆகவே விதிவழியில் இரண்டு படி இருக்கிறது. விளைவை வைத்து விதியைச் சோதிக்க வேண்டும், பிறகு விதியை வைத்துச் செயலைச் சோதிக்க வேண்டும். செயல்வழியில் நடுவில் அந்தப் படி இல்லை. இந்த ஒரு படிதான் மொத்த வித்தியாசமும்.

"புரியுற மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்க சார். டிராலி, ரயில் தண்டவாளம்லாம் வேண்டாம்."

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே எடுப்போம். ப்ராக்ஸி.

ரவி, கண்ணன் என்று இரண்டு நண்பர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செமஸ்டரில் மொத்தம் 80 பீரியட். தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும், அதாவது 60 பீரியட். ரவியிடம் இருப்பது 59. கடைசி வகுப்பு இன்றைக்கு. ரவி வரவில்லை. அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ரவி ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறான். ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டே வருகைப்பதிவேட்டைப் படிக்கிறார். ரவியின் எண் வரும்போது கண்ணன் குரலைக் கொஞ்சம் மாற்றி "பிரசென்ட் சார்" என்றால் ரவிக்கு 60 ஆகிவிடும். சொல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

கண்ணன் சொல்லலாமா?

ரவி ஊர் சுற்றப் போயிருந்தால் இது சுலபமான கேள்வி, அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. காரணம் நியாயமாக இருக்கும்போதுதான் இரண்டு கொள்கைகளும் பிரிகிற இடம் கண்ணுக்குத் தெரியும்.

"செயல்வழிப் பயன்வாதி கண்டிப்பா போடலாம்னு சொல்வாருல்ல?"

இல்லை. இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

செயல்வழிப் பயன்வாதி கணக்குப் போட்ட பிறகுதான் பதில் சொல்வார். அந்தக் கணக்கும் "ப்ராக்ஸி போடு" "ப்ராக்ஸி போடாதே" என்ற இரண்டுக்கு நடுவில் இல்லை. கண்ணன் கையில் இருக்கிற எல்லா வழிகளையும் அவர் ஒப்பிட்டாக வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஹெச்.ஓ.டி.யிடம் போய், ரவியின் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டைக் காட்டி, ஒரு பீரியட் சலுகை கேட்பதும் ஒரு வழி. அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் கணக்கே தப்பு.

எண்களை நானே வைக்கிறேன், உண்மையில் யாரும் நலனை இப்படி எண்ணால் அளந்துவிட முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரவிக்குத் தேர்வு எழுதக் கிடைத்தால் 40 அலகு நன்மை. ப்ராக்ஸி பிடிபட்டால் தேர்வும் போய், ஒழுங்கு நடவடிக்கை, வீட்டுக்குக் கடிதம் என்று இருவருக்கும் சேர்த்து 60 அலகு கேடு. பத்தில் ஒரு தடவை பிடிபடும் என்று வைப்போம்.

ப்ராக்ஸிக்கு எதிர்பார்க்கக்கூடிய நன்மை: 40-இல் பத்தில் ஒன்பது பங்கு 36. அதிலிருந்து 60-இல் பத்தில் ஒரு பங்கு 6-ஐக் கழித்தால் 30.

ஹெச்.ஓ.டி.யிடம் போகும் வழி: அவர் ஒத்துக்கொள்ளப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் 20. அப்போது ப்ராக்ஸிதான் சரி. அவர் இளகிய மனசுக்காரர், பத்தில் எட்டு தடவை ஒத்துக்கொள்வார் என்றால் 32. அப்போது ப்ராக்ஸி தவறு.

கவனித்தீர்களா? ஹெச்.ஓ.டி.யின் குணம் மாறியதும் ப்ராக்ஸியின் சரியும் தவறும் இடம் மாறிவிட்டன. ப்ராக்ஸி என்ற செயலுக்குள் நன்மையோ தீமையோ ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, சூழ்நிலையின் விவரங்கள்தான் அதை முடிவு செய்கின்றன. செயல்வழிப் பயன்வாதத்தின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான்.

"அதுல பொய் சொல்றது, ஆசிரியரை ஏமாத்துறதுலாம் கணக்குலயே வரலையே?"

பொய் என்பதற்காக மட்டும் எதையும் கழிக்க மாட்டார். பொய்யால் வருகிற விளைவைத்தான் கழிப்பார். ஆசிரியருக்குத் தெரியவந்தால் வரும் வருத்தம், ஒரு தடவை போட்ட கண்ணன் அடுத்த தடவை கூசாமல் போடுவான் என்கிற பழக்கம், பக்கத்து பெஞ்சில் இருந்து பார்த்தவன் தானும் ஒன்று போட்டால் என்ன என்று நினைப்பது. இவை எல்லாம் விளைவுகள்தான், ஆகவே கணக்கில் வரும். மேலே நான் 30 என்று சொன்னதிலிருந்து இதற்கெல்லாம் ஒரு மூன்றோ நான்கோ குறைக்கலாம்.

ஆனால் யாருக்கும் தெரியாமல், யார் மனமும் மாறாமல், ஒரு பாதிப்பும் இல்லாமல் ஒரு பொய் சொல்ல முடிந்தால்? செயல்வழியில் அந்தப் பொய்க்கு எடை பூஜ்யம். இது மனதை உறுத்துகிறதா? உறுத்தியவர்கள்தான் விதிவழிப் பயன்வாதத்தின் பக்கம் நகர்ந்தார்கள். உறுத்தல் தப்பான வழிகாட்டி, அதைப் பழகிக் கடக்க வேண்டும் என்றவர்கள் செயல்வழியிலேயே நின்றார்கள்.

"சரி, விதிவழிப் பயன்வாதி இதே கேஸை எப்படிப் பார்ப்பாரு?"

அவர் கண்ணனைப் பார்த்துக் கேள்வி கேட்க மாட்டார், வகுப்பைப் பார்த்துக் கேட்பார். வருகைப்பதிவு விஷயத்தில் எந்த விதியை இந்த 60 பேரும் மனதார ஏற்று நடந்தால் நல்லது? மூன்று விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் விதி: எந்தச் சூழ்நிலையிலும் ப்ராக்ஸி கூடாது, 75-க்கு ஒரு பீரியட் குறைந்தாலும் தேர்வு கிடையாது. பதிவேடு சுத்தமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் ரவி மாதிரி ஒருவனோ இருவரோ செய்யாத தப்புக்கு வருடத்தை இழப்பார்கள்.

இரண்டாவது விதி: நண்பனின் காரணம் உண்மையிலேயே நியாயமானால் ப்ராக்ஸி போடலாம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. வகுப்பில் நடப்பது என்ன? நியாயமா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? நண்பன். நண்பனின் கண்ணுக்கு நண்பனின் காரணம் எப்போதுமே நியாயம். முதல் வாரம் ஆஸ்பத்திரி, அடுத்த வாரம் அக்கா நிச்சயதார்த்தம், மூன்றாம் வாரம் "பாவம்டா, ராத்திரி பூரா தூங்கல". இரண்டு மாதத்தில் உள்ளே 35 பேர் இருக்கும்போதும் பதிவேட்டில் 60 பேர் இருப்பார்கள். இத்தனைக்கும் யாரும் விதியை மீறவில்லை, எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள். பதிவேட்டுக்கு மதிப்புப் போனதும் ஆசிரியர் யாரையும் நம்ப மாட்டார். அப்போது உண்மையிலேயே ஆஸ்பத்திரியில் நிற்கிறவன் சொல்வதும் எடுபடாது.

மூன்றாவது விதி: ப்ராக்ஸி கூடாது. நெருங்கிய குடும்பத்தில் அவசரம் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஹெச்.ஓ.டி.யிடம் விண்ணப்பித்தால் வருகையில் சலுகை உண்டு. பதிவேடும் கெடவில்லை, ரவியும் பிழைத்தான்.

மொத்த நலனில் மூன்றாவதுதான் மேலே நிற்கிறது. ஆகவே விதிவழிப் பயன்வாதியின் தீர்ப்பு, கண்ணன் ப்ராக்ஸி போடக்கூடாது, ஹெச்.ஓ.டி. அறைக்குப் போக வேண்டும். ஹெச்.ஓ.டி. எவ்வளவு கடுமையானவர், பிடிபட எத்தனை வாய்ப்பு என்பதெல்லாம் இந்தத் தீர்ப்பை மாற்றாது. செயல்வழியில் 20-க்கும் 32-க்கும் நடுவில் தீர்ப்பு ஆடியது போல இங்கே ஆடாது.

"ஒருத்தன் போட்டா என்ன சார், எல்லாரும் போட்டாதானே பிரச்சினை? எல்லாரும் போடப் போறதில்லையே?"

நல்ல கேள்வி, செயல்வழிப் பயன்வாதி கேட்பதும் இதே கேள்விதான். 59 பேர் ஒழுங்காக இருக்கும்போது ஒரு ப்ராக்ஸியால் பதிவேடு கெட்டுவிடாது. ஒரு சட்டி சாம்பாரில் ஒரு சிட்டிகை உப்பு கூடினால் யாருக்கும் தெரியாது. ஆனால் 60 பேரும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் வாயில் வைக்க முடியாது. கெடுத்தது யார் போட்ட சிட்டிகை? யாரைக் கேட்டாலும் "நான் போட்டது ஒன்றுதானே" என்பார்கள், அது உண்மையும்கூட.

செயலைத் தனித்தனியாக நிறுக்கும் தராசுக்கு இந்தக் கேடு அகப்படுவதே சிரமம். ஒவ்வொரு சிட்டிகையும் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும், மொத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்து நிற்கும். விதியை நிறுக்கும் தராசில் 60 சிட்டிகையும் சேர்ந்தே ஏறுகின்றன. அதனால்தான் வரிசையில் நிற்பது, வரி கட்டுவது, ஓட்டுப் போடுவது போன்ற விஷயங்களில் விதிவழியின் பதில் நம் இயல்பான உணர்வோடு சுலபமாக ஒத்துப்போகிறது.

செயல்வழிக்காரரிடம் பதில் இல்லாமல் இல்லை. எத்தனையாவது சிட்டிகையில் சாம்பார் கெடும் என்று யாருக்கும் தெரியாது, உன்னுடையதே அந்தச் சிட்டிகையாக இருக்கச் சின்ன வாய்ப்பு உண்டு, அந்தச் சின்ன வாய்ப்பை மொத்தக் கேட்டால் பெருக்கு என்பார். பல இடங்களில் அந்தப் பெருக்கல் அவரையும் நல்ல முடிவுக்கே கொண்டுபோய் விடும். எல்லையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மட்டும் அவர் "போட்டுக்கொள்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

"எல்லாரும் இப்படிச் செஞ்சா என்ன ஆகும்னு கேட்குறது காண்ட் சொன்னதுதானே?"

கேள்வி ஒரே மாதிரி ஒலிக்கும், பதிலைத் தேடும் இடம் வேறு. எல்லோரும் ப்ராக்ஸி போடுகிற உலகில் ப்ராக்ஸி என்ற ஏமாற்று வேலையே செல்லாது, ஆகவே இதைப் பொது விதியாக்கி விரும்புவது தன்னைத்தானே முறித்துக்கொள்ளும் என்பது ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டின் வழி. அங்கே நலன் கூட்டல் கணக்குக்கு இடமில்லை. விதிவழிப் பயன்வாதிக்கு அந்த முரண்பாட்டில் அக்கறை இல்லை, அந்த உலகில் மக்கள் எவ்வளவு நன்றாக வாழ்வார்கள் என்பதுதான் அவர் கேள்வி.

"செயல்வழிக்காரரும் விதிகளை வெச்சுக்கலாமே? ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் போட்டுட்டு இருக்க முடியுமா?"

வைத்துக்கொள்கிறார். அவரிடமும் "பொய் சொல்லாதே", "சொன்ன வாக்கைக் காப்பாற்று" எல்லாம் உண்டு. ஆனால் அவரிடம் அவை சமையலில் "ஒரு ஆழாக்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர்" என்பது போலத்தான். நேரமில்லாதபோது அப்படியே வைக்கலாம். புது அரிசி என்று தெரிந்துவிட்டால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டிச் சாதத்தைக் குழைய விட மாட்டார்.

பயன்வாதத்தை வளர்த்த ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்குக் கடலோடிகளை உதாரணம் சொன்னார். கப்பல் ஓட்டுகிறவன் நடுக்கடலில் உட்கார்ந்து வானியல் கணக்குப் போட முடியாது, முன்கூட்டியே கணித்து வைத்த பஞ்சாங்கத்தோடுதான் கப்பலில் ஏறுகிறான் என்றார். பஞ்சாங்கம் வசதிக்காக. அதற்குப் பின்னால் இருக்கும் வானியல்தான் உண்மை.

ஆகவே ஒருவர் விதியைப் பின்பற்றுகிறார் என்பதை மட்டும் வைத்து அவரை விதிவழிக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். சோதிக்க ஒரே வழி இருக்கிறது. விதியை மீறினால்தான் நன்மை அதிகம் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்த நேரத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். "அப்படியானால் மீறு" என்றால் செயல்வழி. "இருந்தாலும் விதிதான் இங்கே சரியைத் தீர்மானிக்கிறது" என்றால் விதிவழி.

"விதியிலேயே விதிவிலக்கு சேர்த்துட்டே போனா கடைசில ரெண்டும் ஒண்ணாயிடாதா?"

இதை நீங்களாகவே யோசித்துக் கேட்டீர்கள் என்றால், அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் லயன்ஸ் 1965-இல் விரிவாக எழுதிய பிரச்சினையை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

வாதம் இப்படிப் போகும். "ப்ராக்ஸி கூடாது" என்பதைவிட "அப்பா ஐ.சி.யூ.வில் இருந்தாலொழிய ப்ராக்ஸி கூடாது" என்பது நன்மை அதிகம் தருகிற விதி. அம்மாவுக்கும் சேர்த்தால் இன்னும் நல்லது. பஸ் விபத்து, வெள்ளம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். எங்கே மீறினால் நன்மை அதிகமோ அங்கெல்லாம் ஒரு விதிவிலக்கு. முடிவில் விதி "நன்மை அதிகமாகிற இடத்தைத் தவிர ப்ராக்ஸி கூடாது" என்று ஆகிவிடும். அது செயல்வழிப் பயன்வாதமேதான். சுற்றிச் சுற்றிப் போய் கிளம்பிய வீட்டுக்கே வந்தாயிற்று.

இதற்கு எனக்குத் திருப்தி தருகிற பதில், விதி என்பது கணிதச் சூத்திரம் இல்லை, மனிதர்கள் மனதில் குடியேற வேண்டிய ஒன்று என்பது. விதிவழித் தத்துவ அறிஞர் பிராட் ஹூக்கர் 2000-இல் வெளியிட்ட தன் நூலில் இந்தத் திசையில்தான் போகிறார். ஒரு விதித்தொகுப்பை அடுத்த தலைமுறையில் மிகப் பெரும்பான்மையோர் உள்வாங்கிக்கொண்டால் விளைவு எப்படி இருக்கும் என்று அவர் பார்க்கிறார், அதைக் கற்றுக்கொடுத்து உள்வாங்க வைக்க ஆகும் செலவையும் சேர்த்தே பார்க்கிறார். நாற்பது விதிவிலக்கு உள்ள விதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொண்டாலும் தனக்குச் சாதகமான விதிவிலக்குதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தால் சுருக்கமான, கொஞ்சம் முரட்டுத்தனமான விதியே ஜெயிக்கும்.

நம் உதாரணத்தில் இது பச்சையாகத் தெரிகிறது. இரண்டாவது விதியிலும் விதிவிலக்கு உண்டு, மூன்றாவதிலும் உண்டு. முந்தையது நண்பன் தன் மனதுக்குள் தீர்மானிப்பது, யாரும் சரிபார்க்க முடியாது. பிந்தையது காகிதத்தோடு வருகிறது, இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்கிறார், எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பல பல்கலைக்கழகங்களில் 75-க்குக் கீழே குறிப்பிட்ட சதவீதம் வரை மருத்துவச் சான்று கொடுத்து, கண்டொனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம் என்று வைத்திருப்பது இந்த வகை விதிவிலக்குதான்.

அந்தச் சான்று பெரும்பாலும் மாணவனின் சொந்த உடம்புக்குத்தான் கேட்கப்படுகிறது. ரவிக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அவன் அப்பாவுக்குத்தான் இல்லை. அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போனால் "இதுல உன் பேரு எங்கேப்பா?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். அப்போது விதிவழிப் பயன்வாதி ப்ராக்ஸி போடச் சொல்ல மாட்டார், விதியை விரிவாக்கச் சொல்வார்.

"விதி விரியுற வரைக்கும் ரவி என்ன பண்ணுவான்? நம்ம காலேஜ்ல அந்த மூணாவது விதியே இல்லையே?"

இந்தக் கேள்விக்கு விதிவழிக்காரர்கள் எல்லோரும் ஒரே பதில் சொல்வதில்லை. எந்த விதி? இப்போது நடைமுறையில் இருக்கிற விதியா, இருந்திருக்க வேண்டிய நல்ல விதியா?

நடைமுறை விதி என்றால் கல்லூரிச் சுற்றறிக்கையில் இருக்கிற அத்தனை மோசமான விதிகளுக்கும் அறநெறி முத்திரை குத்திவிடுவோம். கையேட்டில் அச்சடித்திருப்பதால் ஒரு விதி பயன்வாதச் சோதனையில் தேறிவிட்டது என்று ஆகாது. தேர்வுத்தாளில் இதைக் குழப்பி எழுதுகிறவர்கள் நிறைய. லட்சிய விதி என்றால் வேறு சங்கடம். மற்ற 59 பேரும் தாராளமாக ப்ராக்ஸி போடுகிற வகுப்பில், சலுகை கொடுக்கிற ஹெச்.ஓ.டி.யும் இல்லாதபோது, எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் பயன்படக்கூடிய விதியைக் கண்ணன் ஒருவன் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் பதிவேட்டுக்கு என்ன லாபம்? அது ஏற்கெனவே கெட்டுக்கிடக்கிறது. நஷ்டம் ரவிக்கு மட்டும்.

இதற்கு ஹூக்கர் வைக்கும் வாசல் ஒன்று உண்டு. நல்ல விதித்தொகுப்பில் பேரழிவைத் தடு என்ற விதியும் இருக்கும், அது மற்ற விதிகளை மிஞ்சும் என்கிறார். ஒரு உயிர் போகும் என்றால் பொய் சொல்லலாம். ஒரு வருடப் படிப்புப் போவது பேரழிவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் கல்விக்கடன் வாங்கிய வீட்டில், முதல் பட்டதாரியாகப் போகிற பையன் விஷயத்தில் நான் இவ்வளவு நிம்மதியாகச் சொல்லிவிட மாட்டேன். கோடு எங்கே என்று கொள்கை சொல்வதில்லை, அது கொள்கையின் குறை.

"ஸ்மார்ட் சொன்ன விதி வழிபாடுன்னா என்ன?"

ஜே.ஜே.சி. ஸ்மார்ட் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய தத்துவப் பேராசிரியர், அசல் செயல்வழிக்காரர். 1956-இல் எழுதிய கட்டுரையில் அவர் விதிவழிக்காரரை இப்படி மடக்குகிறார்: உனக்கு விதி எதற்கு? மனித நலனுக்காக. இந்த ஒரு சந்தர்ப்பத்தில் விதியை மீறினால்தான் நலன் என்று உனக்கே தெரிகிறது. இருந்தும் விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் நலனை விட்டுவிட்டு விதியைக் கும்பிடுகிறாய்.

நம் வகுப்புக்குக் கொண்டுவந்தால், ரவியைத் தவிர வேறு யாருக்கும் இன்றைக்கு ஒரு பாதிப்பும் இல்லை, யாருக்கும் தெரியப்போவதும் இல்லை, கண்ணன் அடுத்த வாரம் ஊரைவிட்டே போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் "விதி விதிதான்" என்று சொல்கிறவர் பயன்வாதியாக இருந்துகொண்டே அதை எப்படிச் சொல்ல முடியும்?

பதிலாக ஒரு விஷயத்தைக் கேட்கலாம். "யாருக்கும் தெரியாது, பாதிப்பில்லை, நிச்சயம்" என்று கண்ணனுக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு வயதில், நண்பனுக்காக, ஆசிரியர் எண்களைப் படித்துக்கொண்டு வருகிற அந்த இருபது நொடியில் அவன் போடுகிற கணக்கு எவ்வளவு நம்பகமானது? ஆனால் இது ஸ்மார்ட்டுக்கு முழுப் பதில் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கில் தப்பு வரும், ஆகவே விதியைப் பிடித்துக்கொள் என்பதும் விளைவைப் பார்த்துச் சொல்கிற அறிவுரைதான், அதை ஸ்மார்ட்டே ஒத்துக்கொள்வார். அவர் கேட்டது கணக்கு சரியாகவே இருந்தால் என்ன என்று.

"பெந்தாம் எது, மில் எது? ஒரு மார்க் கேள்வியா வருது."

ஒரு மார்க்குக்குப் பாடநூல் என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள். பெரும்பாலும் பெந்தாம் செயல்வழி, மில் விதிவழி என்று இருக்கும்.

விஷயம் அவ்வளவு நேராக இல்லை. பயன்வாதத்துக்கு அடித்தளம் போட்ட பெந்தாமின் 1789-ஆம் ஆண்டு நூலிலோ, 1861-இல் பத்திரிகையில் வந்த மில்லின் கட்டுரைகளிலோ இந்த இரண்டு பெயர்களும் கிடையாது. 1959-இல் தத்துவ அறிஞர் ரிச்சர்ட் பிராண்ட் வைத்த பெயர்கள் இவை. ஸ்மார்ட் அதற்கு முன் தீவிரம், கட்டுப்பட்டது என்று வேறு பெயர்களில்தான் எழுதினார். மில் விதிவழிக்காரர் என்ற வாசிப்பு 1953-இல் தத்துவ அறிஞர் அர்ம்சன் எழுதிய கட்டுரையிலிருந்து பலமானது. ஆனால் 1872-இல் ஜான் வென்னுக்கு எழுதிய கடிதத்தில் மில், ஒரு செயலை அதன் சொந்த விளைவுகளை வைத்துச் சோதிக்க வேண்டும், எல்லோரும் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதை வைத்து அல்ல என்கிற பொருள்பட எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அவரை விதிவழிக்காரர் என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. ஆமாம், அந்த வென் நீங்கள் கணக்கு வகுப்பில் வட்டம் வட்டமாகப் போடும் வென் படத்தின் வென்தான்.

"பத்து மார்க்குல எங்கே மார்க் குறைக்கிறீங்க?"

இரண்டு இடத்தில். செயல்வழி என்றால் சுயநலம் என்று எழுதினால் உடனே குறைப்பேன். அதில் ரவியின் நலனுக்கும் ஆசிரியரின் நலனுக்கும் கண்ணனின் நலனுக்கும் ஒரே எடைதான். விதிவழி என்றால் சட்டத்துக்குக் கீழ்ப்படிவது என்று எழுதினாலும் குறைப்பேன், காரணம் மேலே சொல்லியாயிற்று. மற்றபடி எந்தப் பக்கம் நின்று எழுதினாலும் எனக்கு ஒன்றுதான்.

"சார், நீங்க காலேஜ்ல ப்ராக்ஸி போட்டிருக்கீங்களா?"

போட்டிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில், காய்ச்சலில் படுத்திருந்த அறைத்தோழனுக்காக. காய்ச்சல் உண்மை, நானே கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தேன். அன்றைக்கு அந்த ஆசிரியர் பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து நின்று, ஆள்காட்டி விரலால் பெஞ்ச் பெஞ்சாகத் தலைகளை எண்ணினார். பதிவேட்டில் 51. தலை 44. எனக்கு முன்னும் பின்னும் ஆறு பேர் போட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். அவர் யாரையும் திட்டவில்லை, யார் என்று கேட்கவும் இல்லை. மறுநாளிலிருந்து வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடம் ஆனதும் கதவை உள்ளே தாழ்போட்டு, ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லிப் பெயரைக் கூப்பிட்டார்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் தினமும் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். பஸ் எட்டு நிமிடம் தாமதமாகத்தான் வரும். அதுவரை பின்வாசல் வழியாக நுழைந்து உட்காருவாள், அவரும் கண்டுகொள்ளாமல் இருந்தார். அந்த செமஸ்டர் முழுக்க அவள் முதல் பீரியடில் வராண்டாவில் நின்றாள்.

நான் போட்ட கணக்கில் அவள் எங்குமே இல்லை.